இருபது கிராம் புரதம் என்ன விலை?

(நமது கிளப் ஹவுஸில் ஞாயிறு காலை நடந்த உறுப்பினர் சந்திப்பில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற மருத்துவமனை உணவியல் நிபுணர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நம் ஜிம் திறந்து நான்கு மாதம் ஆகிறது. திறந்த நாளிலிருந்து லிஃப்டில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "மேடம், புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?" லிஃப்ட் ஆறாவது மாடிக்கு வருவதற்குள் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் செயலாளர் இன்று மைக்கைக் கொடுத்துவிட்டார்.

ஆனால் என்னை உண்மையில் உட்கார்ந்து கணக்குப் போட வைத்தது லிஃப்ட் கேள்வி இல்லை. எங்கள் வீட்டில் சமையலுக்கு உதவியாக வருகிற அம்மாவின் கேள்வி. அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். இரண்டு மாதம் முன்பு ஒருநாள் காலை, "அம்மா, சம்பளத்துல ஒரு மூவாயிரம் அட்வான்ஸ் வேணும்" என்றார். பள்ளிக் கட்டணமா, வாடகையா என்று கேட்டேன். இல்லை. அவருடைய மகனுக்கு 21 வயது. காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். எழுத்துத் தேர்வு முடிந்தால் அடுத்தது உடல் திறன் தேர்வு. 1500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் உண்டு. அதற்காக வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்திருக்கிறான். அங்கே பயிற்சி கொடுப்பவர், "சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல, பவுடர் இல்லாம உடம்பு ஏறாது, தினம் ரெண்டு ஸ்கூப்" என்று சொல்லி ஒரு கிலோ டப்பாவின் படத்தை அனுப்பியிருக்கிறார். விலை ₹2,900.

பணம் கொடுப்பது பெரிய விஷயமில்லை. ஆனால் தினம் இரண்டு ஸ்கூப் என்றால் அந்த டப்பா பதினைந்து நாளில் காலி. அப்புறம் இன்னொரு டப்பா. மாதம் ₹5,800. அந்தக் குடும்பத்துக்கு இது வீட்டு வாடகையைப் போன்ற தொகை. "பையனை நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லுங்க, டப்பா வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பேசிடலாம்" என்றேன். அவன் வந்தான். சமையலறைத் தராசை எடுத்து மேஜையில் வைத்தேன். அன்று நாங்கள் போட்ட கணக்கைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

முதலில், ஏன் இருபது கிராம்? ஒரு வேளை உணவில் பெரியவர் ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய நியாயமான அளவு ஏறக்குறைய அதுதான். பவுடர் டப்பாவில் ஒரு ஸ்கூப்பும் அதே அளவுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. நான்கு கடைகளில் அரிசி விலையை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் கிலோ கணக்கில்தானே ஒப்பிடுவோம்? அதுபோலப் புரதத்துக்கு 20 கிராமை ஒரு படியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டையிலிருந்து தொடங்குகிறேன். சாதாரண அளவு முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. 20 கிராமுக்கு மூன்று முட்டையும் இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கும். நம் தெருக்கடையில் நான் இந்த மாதம் வாங்கியது ஒன்று ₹7. அப்படியானால் 20 கிராம் ₹23. மூன்று முட்டையோடு நிறுத்திக்கொண்டால் 18 கிராம், ₹21.

முட்டையில் இரண்டு இடத்தில் நாமே விலையை ஏற்றிக்கொள்கிறோம். ஒன்று, மஞ்சள் கருவைத் தூக்கி எறிவது. வெள்ளைக் கருவில் மட்டும் இருப்பது மூன்றரை கிராம் சொச்சம். அதை மட்டும் சாப்பிட்டால் 20 கிராமுக்கு ஐந்தரை முட்டை வேண்டும். ₹23 உடனே ₹39 ஆகிவிடுகிறது. மருத்துவர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு அது சரி. 21 வயதில் ஓடுகிற பையனுக்குத் தேவையில்லை. இன்னொன்று, சினிமாவில் பார்க்கிற மாதிரி பச்சை முட்டையை டம்ளரில் உடைத்து ஊற்றிக் குடிப்பது. வேகவைத்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு நம் உடலில் சேரும். பச்சையாகக் குடித்தால் பாதிதான் சேரும். கிருமித் தொற்று அபாயம் வேறு. பச்சையாகக் குடிக்கிறவர் ₹7 முட்டையை ₹14-க்கு வாங்குகிறார் என்று அர்த்தம். இந்தப் பையனும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான், தினமும் ஒன்று. வேகவைக்கச் சொன்னதும் செலவில்லாமல் அவனுக்குக் கிடைத்த முதல் லாபம் அது.

அடுத்தது பருப்பு. 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம். 20 கிராமுக்கு 91 கிராம் பருப்பு போதும். கிலோ ₹150 என்றால் ₹14. நான்கிலும் மலிவு இதுதான். "அப்படியானால் பேச்சே முடிந்தது, தினமும் சாம்பார் சாப்பிடுகிறோமே" என்று நீங்கள் நினைப்பீர்கள். அவனும் அதைத்தான் சொன்னான். "நான் ரெண்டு வேளையும் சாம்பார்தான் மேடம்."

இங்கேதான் தராசு வேலை செய்தது. உங்கள் வீட்டில் நான்கு பேருக்குச் சாம்பார் வைக்க எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள்? பெரும்பாலும் ஒரு ஆழாக்கு. எடை போட்டுப் பார்த்தேன், 140 கிராம். அதில் 31 கிராம் புரதம். அந்தச் சாம்பார் மொத்தம் பன்னிரண்டு கரண்டி வந்தது. ஆக ஒரு கரண்டிக்கு இரண்டரை கிராம். 20 கிராம் வேண்டுமென்றால் ஒருவரே எட்டுக் கரண்டி சாம்பார் குடிக்க வேண்டும். மெஸ் சாம்பார் என்றால் எத்தனை கரண்டி என்று கேட்காதீர்கள். பருப்பில் புரதம் இருப்பது உண்மை. சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். பருப்பின் புரதம் முட்டை, பால் அளவுக்கு முழுமையாக நமக்குப் பயன்படாது. ஒரு பகுதி செரிமானத்தில் போய்விடும். அதோடு, உடம்புக்குத் தேவையான சில அமினோ அமிலங்களில் பருப்பு கொஞ்சம் குறைவு. அந்தக் குறை அரிசியில் இல்லை. அரிசியில் லைசின் என்ற ஒன்று குறைவு, அது பருப்பில் நிறைய. நம் முன்னோர் சோற்றில் பருப்பு பிசைந்து சாப்பிட்டதற்கும், அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்ததற்கும் பின்னால் இப்படி ஒரு கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. எனவே பருப்பைத் தனியாக மதிப்பிடும்போது நான் பத்தில் ஏழு பங்கு என்றுதான் எடுத்துக்கொள்வேன். அப்போது ₹14 என்பது ₹20 ஆகிறது. முட்டைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, பார்த்தீர்களா? சோற்றோடும் கொஞ்சம் மோரோடும் சாப்பிடுகிறவர்களுக்கு இவ்வளவு கழிக்கத் தேவையில்லை. 14-க்கும் 20-க்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 91 கிராம் பருப்பை எப்படிச் சாப்பிடுவது? ஒரே வேளையில் முடியாது. முயற்சி செய்தால் வயிறு பலூன் ஆகிவிடும். சாம்பாரை விட்டு வெளியே வர வேண்டும். கெட்டிப் பருப்பு, அடை, பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல். ஒரு கை அளவு, அதாவது 60 கிராம் கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைத்தால் மறுநாள் ஒரு கிண்ணம் நிறையச் சுண்டல். அதில் 12 கிராம் புரதம். விலை ₹7. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயுத் தொல்லை குறையும். முதல் வாரம் 30 கிராம், அடுத்த வாரம் 45 என்று ஏற்றுங்கள்.

மூன்றாவது பனீர். நான் வாங்கிய 200 கிராம் பாக்கெட் ₹95. அதன் முதுகில் 100 கிராமுக்கு 18 கிராம் புரதம் என்று போட்டிருந்தது. 20 கிராமுக்கு 111 கிராம் பனீர் வேண்டும், ₹53. அதாவது முட்டையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஏன் இவ்வளவு? பனீரில் நீங்கள் புரதத்தை மட்டும் வாங்கவில்லை. 18 கிராம் புரதத்தோடு 20 கிராமுக்கு மேல் பால் கொழுப்பும் வாங்குகிறீர்கள். ஒரு லிட்டர் கெட்டிப் பாலைத் திரித்தால் ஏறக்குறைய 200 கிராம் பனீர்தான் வரும். பாலில் இருந்த புரதத்தில் ஒரு பகுதி அந்தப் பச்சைத் தண்ணீரோடு வடிந்து போகிறது. நாம் அதைத் தொட்டியில் கொட்டுகிறோம். அந்தத் தண்ணீரில் போகும் புரதத்துக்குத்தான் வே என்று பெயர். அதைப் பிரித்துக் காயவைத்து டப்பாவில் போட்டால் அதுதான் புரோட்டீன் பவுடர். அடுத்த முறை வீட்டில் பனீர் செய்தால் அந்தத் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையுங்கள்.

பனீர் வாங்கும்போது ஒரு சோதனை. பாக்கெட் பனீர் என்றால் லேபிளில் புரதம் எவ்வளவு என்று பாருங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தாவர எண்ணெய் சேர்த்துச் செய்யும் போலிப் பனீரை 'அனலாக்' என்று லேபிளில் குறிப்பிட்டுத்தான் விற்க வேண்டும். எடை போட்டு உதிரியாக விற்பதில் லேபிள் இல்லை. சந்தேகம் வந்தால் ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்க்சர் அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். நீலமானால் மாவு கலந்திருக்கிறது. மாவுக்கு ₹475 கிலோ விலை கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். எண்ணெய் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது, அதையும் நினைவில் வையுங்கள்.

முட்டை வீட்டுக்குள் வராத குடும்பங்கள் நம்மிடம் நிறைய உண்டு. அவர்கள் பனீரைவிட்டு ஒரு படி பின்னால், பாலுக்கே போகலாம். அரை லிட்டர் ₹22-க்கு நான் வாங்கும் டோன்டு பாலில், 20 கிராம் புரதத்துக்கு 650 மில்லி வேண்டும். ₹29. அதைத் தயிராக உறைய வைத்தாலும் அதே கணக்குதான். பனீர் பட்டர் மசாலா ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? அதைத் தினசரிப் புரதத்துக்கான வழியாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

இனி டப்பா. ₹2,900, ஒரு கிலோ. ஒரு ஸ்கூப் 33 கிராம், அதில் 24 கிராம் புரதம். ஒரு டப்பாவில் 30 ஸ்கூப். 30 பெருக்கல் 24, மொத்தம் 720 கிராம் புரதம். அதை இருபது இருபதாகப் பிரித்தால் 36 பங்கு. ₹2,900-ஐ 36 ஆல் வகுங்கள். ₹80-க்குச் சற்று மேல். ₹1,800-க்கும் டப்பா கிடைக்கிறது. அதில் ₹50. அப்போதும் பனீர் விலைதான்.

பவுடர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வே புரதம் நல்ல தரமான புரதம், எளிதில் செரிக்கும். ஆனால் எதற்காக ₹80 கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். 20 கிராம் புரதத்தோடு பருப்பில் 300 கலோரி வருகிறது. பனீரில் 300-க்கு மேல். முட்டையில் 240. பவுடரில் சுமார் 110. ஆக, நீங்கள் அதிக விலை கொடுப்பது இரண்டு காரணத்துக்கு. ஒன்று, குறைந்த கலோரி. இரண்டு, சமைக்காமல் ஒரு நிமிடத்தில் குடித்துவிட்டு ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்கலாம். எடை குறைக்கிறவர், காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் போகிறவர், பல் பிரச்சினையால் மெல்ல முடியாதவர் இவர்களுக்கு அந்த ₹80-இல் அர்த்தம் இருக்கலாம். இந்தப் பையனுக்கு? அவன் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறான். அவனுக்குக் கலோரியும் வேண்டும். கலோரி இல்லாததற்கு அதிகப் பணம் கொடுப்பது அவனுக்கு எதிர்த்திசையில் போவது.

லேபிளைப் பற்றி இரண்டு வார்த்தை. முதலாவது, எல்லா டப்பாவும் வே பவுடர் இல்லை. முன்பக்கம் 'புரோட்டீன்' என்று பெரிதாகப் போட்ட சாக்லேட் பானப் பொடிகள் இருக்கின்றன. திருப்பிப் பார்த்தால் 100 கிராமுக்கு 20 கிராம் புரதம், மீதி பெரும்பாலும் மாவும் சர்க்கரையும். அப்படி ஒரு அரை கிலோ டப்பா ₹600 என்று வையுங்கள். மொத்தப் புரதம் 100 கிராம். 20 கிராமின் விலை ₹120. இன்றைய பட்டியலில் எல்லாவற்றையும்விட அதிகம்.

இரண்டாவது, ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக எடை போடுவதில்லை. பொருளில் உள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவது வழக்கமான முறை. அதனால் கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்தாலும் 'புரதம்' ஏறிக் காட்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, லூசின் அளவைப் பார்ப்பது. உண்மையான வே புரதத்தில் பத்தில் ஒரு பங்கு லூசின் இருக்கும். 24 கிராம் புரதம் என்று சொன்னால் லூசின் 2.4 கிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். லேபிளில் லூசினே இல்லை, அல்லது மிகக் குறைவாக இருக்கிறது, மேலே கிளைசின் தனியாகச் சேர்த்ததாக எழுதியிருக்கிறது என்றால் அந்த டப்பாவை அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள்.

இப்போது அந்தப் பையனுக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். இதுதான் முக்கியம். ஏனென்றால் விலை தெரிந்தால் மட்டும் போதாது, எவ்வளவு வாங்க வேண்டும் என்று தெரிய வேண்டும்.

அவன் எடை 60 கிலோ. உடற்பயிற்சி இல்லாத பெரியவருக்கு நம் நாட்டின் பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அதாவது அவனுக்கு 50 கிராம். பளு தூக்கி, ஓடி, தசை ஏற்ற நினைக்கிறவருக்கு 1.2 முதல் 1.6 வரை போகலாம். அவனுக்கு 1.5 என்று வைத்தேன். தினம் 90 கிராம்.

அவன் ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறான்? முதல் நாள் சாப்பிட்டதை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். காலையில் ஐந்து இட்லி, 10 கிராம். இரண்டு வேளைச் சோற்றுக்கு 400 கிராம் அரிசி. அரிசியிலும் புரதம் உண்டு, நாம் மறந்துவிடுகிறோம். அதில் 28 கிராம். நான்கு கரண்டி சாம்பார், 10 கிராம். மூன்று டீயில் உள்ள பால், 4 கிராம். கூட்டினால் 52. பச்சையாகக் குடித்த முட்டையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. "சாப்பாட்டுல ஒண்ணும் இல்ல" என்று ஜிம்மில் சொன்னார்களே, அந்தச் சாப்பாட்டில் தேவையில் பாதிக்கு மேல் ஏற்கெனவே இருந்தது. குறைவது 38 கிராம்தான்.

அந்த 38-ஐ இப்படிப் பிரித்தோம். காலை ஓடி வந்ததும் மூன்று வேகவைத்த முட்டை, 18 கிராம், ₹21. மாலை ஜிம்முக்கு ஒரு மணி நேரம் முன்பு 60 கிராம் கடலைச் சுண்டல் அல்லது பாசிப்பயறு, 12 கிராம், ₹7. ராத்திரி ஒரு பெரிய டம்ளர் பால், 250 மில்லி, 8 கிராம், ₹11. மொத்தம் 38 கிராம், ₹39. மாதத்துக்கு ₹1,170. டப்பா வழியில் போயிருந்தால் ₹5,800. ஒரு டப்பாவின் விலையான ₹2,900, இந்த வழியில் 74 நாள் ஓடும்.

கணக்கு காகிதத்தில் அழகாக இருந்தது. பத்து நாள் கழித்து அவன் அம்மாவிடம் கேட்டேன். "முட்டை எப்படிப் போகுது?" கொஞ்சம் தயங்கினார். "மூணுல ஒண்ணு அவன் சாப்பிடறாம்மா. ஒண்ணு தங்கச்சிக்குக் கொடுக்கறான். ஒண்ணை நான் குழம்புல போட்டுடறேன்" என்றார்.

நாற்பது வருடம் மருத்துவமனையில் டயட் சார்ட் எழுதியவள் நான். அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. டப்பாவை வீட்டில் வேறு யாரும் தொட மாட்டார்கள், அது அவனுடையது. முட்டை அப்படியில்லை. அடுப்படிக்குள் வந்துவிட்டால் அது குடும்பத்துச் சொத்து. தங்கைக்கு 15 வயது, அவளுக்கும் புரதம் தேவைதான். அவன் பங்கு கொடுத்ததில் தப்பே இல்லை. என் கணக்கில்தான் தப்பு. ஒருவருக்கு மட்டும் போட்ட கணக்கு அது.

திரும்ப உட்கார்ந்தோம். முட்டை மூன்றிலிருந்து ஐந்தாகியது. மூன்று அவனுக்கு, ஒன்று தங்கைக்கு, ஒன்று அம்மாவுக்கு. சுண்டலுக்கு 60 கிராமுக்குப் பதில் 120 கிராம் கடலை. பால் பழைய அளவுதான். அதிகச் செலவு தினம் ₹21. மாதம் மொத்தம் ₹1,800. மூன்று பேருக்கும் சேர்த்து, டப்பா விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. பவுடரை மூன்று பேருக்குப் பிரித்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏழு வாரம் ஆகிறது. எடை 60-இலிருந்து 61.5 ஆகியிருக்கிறது. கயிறு முன்பு பாதி ஏறுவான், இப்போது முழுவதும் ஏறுகிறானாம். அதற்குக் காரணம் முட்டையா, பயிற்சியா என்று கேட்டால், பெரும்பகுதி பயிற்சிதான் என்பேன். புரதம் செங்கல் மாதிரி. செங்கல் வாங்கிக் குவித்தால் வீடு எழும்பாது, கொத்தனார் வர வேண்டும். தேர்வு இன்னும் நடக்கவில்லை. நடந்ததும் அடுத்த இதழில் சொல்கிறேன்.

எச்சரிக்கை ஒன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவர்கள், ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் அதிகம் என்று வந்தவர்கள் முட்டையானாலும் பவுடரானாலும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். ஜிம்மில் சேரும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. 2024-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கவே சொல்கிறது.

விலைகள் மாறும். முட்டை ₹5-க்கும் வரும், ₹8-க்கும் போகும். அதனால் என் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், வழியை வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் எடையை 100 கிராமுக்கு உள்ள புரதத்தால் பெருக்கி, 100 ஆல் வகுத்தால் அதில் உள்ள மொத்தப் புரதம். விலையை அந்த எண்ணால் வகுத்து 20 ஆல் பெருக்கினால் உங்கள் விடை. கடையில் நின்றபடியே மொபைலில் அரை நிமிடத்தில் போட்டுவிடலாம்.

நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதற்காகச் செயலாளர் கேட்ட சுருக்கம் இது.

20 கிராம் புரதத்தின் விலை (இந்த மாதம் நம் பகுதியில் நான் வாங்கிய விலையில்)

- துவரம்பருப்பு: 91 கிராம், ₹14. செரிமானக் குறைவைச் சேர்த்தால் ₹20.
- முட்டை: மூன்றும் கொஞ்சமும், ₹23. வெள்ளைக் கரு மட்டும் என்றால் ₹39.
- டோன்டு பால் அல்லது தயிர்: 650 மில்லி, ₹29.
- பனீர்: 111 கிராம், ₹53.
- வே பவுடர்: ஒரு ஸ்கூப்பில் ஆறில் ஐந்து பங்கு, ₹50 முதல் ₹80 வரை.

டப்பா ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் யாரும் முகத்தைத் தொங்கப்போட வேண்டாம். காலி ஆகும் வரை குடியுங்கள். அடுத்த டப்பா வாங்கும் முன் நேற்று முழுவதும் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு சி பிளாக்குக்கு வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். தராசும் இருக்கும், சுண்டலும் இருக்கும்.